வலைப்பதிவுக்கு எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்த விதம்

எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடையின் வலைப்பதிவுக்கு எழுத மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். அவர்கள் முன்பு எழுதிய கட்டுரைகளை மட்டும் நம்பவில்லை. அவற்றில் எடிட்டரின் கை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. மூன்று பேருக்கும் ஒரே தலைப்பு: நல்லெண்ணெயில் காறல் வாடை ஏன் வருகிறது? 600 சொற்கள். தேர்வானாலும் இல்லாவிட்டாலும் ஒரு கட்டுரைக்கான முழுத் தொகை. உழைப்பை இலவசமாக வாங்குவது நியாயமே இல்லை.

கட்டுரைகள் வருவதற்கு முன்பே மதிப்பெண்ணைப் பிரித்து எழுதிவைத்தோம். தகவல் சரியா என்பதற்கு 40, வாசகரின் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்பதற்கு 30, நடைக்கு 20, சொன்ன அளவுக்கும் தேதிக்கும் 10. முன்பே எழுதாவிட்டால், பிடித்த கட்டுரைக்கு ஏற்ப அளவுகோல் வளைந்துவிடும். பெயர்களை மறைத்து, நானும் தங்கையும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அப்புறம்தான் ஒப்பிட்டோம்.

ஒரு கட்டுரை படிக்க அவ்வளவு அழகு, நடைக்கு 18. ஆனால் எண்ணெய் ஏன் கெடுகிறது என்ற இடத்தில் மழுப்பல், தகவலுக்கு 18தான். மொத்தம் 62. இன்னொருவர் நடையில் 11 வாங்கினாலும், காற்றும் வெளிச்சமும் சூடும் எண்ணெயை என்ன செய்கின்றன என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். மொத்தம் 81. முன்னுரையை மட்டும் மாற்றித் தரக் கேட்டோம், சொன்னதைப் புரிந்துகொண்டு திருத்தினார். அவரையே எடுத்தோம்.