லீஃப் காரில் 43 கிலோமீற்றர் வேகம்: கியர் பெட்டியின் வேலையை மோட்டார் செய்வதை அளந்து பார்த்தது

எங்கள் வீட்டு நிசான் லீஃப் பழைய, 24 கிலோவாற்று மணி பட்டரி கொண்டது. மோட்டாரின் உச்ச முறுக்குவிசை 254 நியூட்டன் மீற்றர். உச்ச வலு 80 கிலோவாற்று. சில்லுக்கும் மோட்டாருக்கும் இடையில் மாறாத 8.19 என்ற ஒரே பல்லிணை விகிதம். இந்த விகிதத்தையும் சில்லின் சுற்றளவையும் வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்துக்கு மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை சுழலும். 254 நியூட்டன் மீற்றரை முழுமையாகக் கொடுத்துக்கொண்டே போனால் ஏறத்தாழ 3,000 சுற்றில் வலு 80 கிலோவாற்றை எட்டிவிடும். அதாவது 43 கிலோமீற்றர் வேகத்தில்.

அந்த இடம் உண்மையில் தெரிகிறதா என்று பார்க்க, காரின் கணினித் தரவைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, லீஃப் ஸ்பை செயலியில் மோட்டார் வலுவையும் தொலைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தையும் தம்பி பார்த்துக் குறிக்க, நான் ஓட்டினேன். கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையின் நுழைவாயிலில் நின்று புறப்படும்போது ஆக்சிலேற்றரை முழுதாக மிதித்தோம். முதல் சில மீற்றரில் கட்டுப்பாட்டு மென்பொருள் விசையை வேண்டுமென்றே மெதுவாக ஏற்றுகிறது. அதன்பின் வலு வேகத்தோடு நேர்கோட்டில் ஏறி, 40ஐத் தாண்டியதும் 80 கிலோவாற்றை ஒட்டித் தட்டையாகிவிட்டது.

ஏறும் பகுதியில் எல்லையை நிர்ணயிப்பது, பட்டரியின் நேரோட்டத்தை மோட்டாருக்கான ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டர் தரக்கூடிய மின்னோட்டம். தட்டையான பகுதியில் மோட்டாரே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் பட்டரியின் மின்னழுத்தத்தை நெருங்குவதால், இன்வேட்டர் காந்தப்புலத்தைத் தணித்தே சுழற்சியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. 86 கிலோமீற்றரில் முறுக்குவிசை 127 ஆகப் பாதியாகிறது. பெற்றோல் காரின் ஐந்து கியர்களுக்கும் இழுவிசைக் கோடுகளை ஒரே தாளில் வரைந்து அவற்றின் உச்சிகளைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், வேகம் இரட்டிக்க விசை பாதியாகும் இதே வளைவுதான் கிடைக்கும். பெற்றோல் இயந்திரம் குறைந்த சுற்றில் அணைந்துவிடுவதாலும், அதன் முழு வலு குறுகிய சுற்றெல்லைக்குள் அடங்குவதாலும், அந்த வளைவைத் துண்டு துண்டாகத்தான் எட்டிப் பிடிக்கிறது.

பட்டரி நன்றாக இறங்கியிருந்த இன்னொரு நாளில் வலு 60 கிலோவாற்றைத் தாண்டவில்லை. ஆனால் புறப்பாட்டில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. கணக்குப்படி திருப்பம் 43இலிருந்து 32 கிலோமீற்றருக்கு நகர்கிறதே தவிர, அதற்குக் கீழே முறுக்குவிசை அப்படியே இருக்கிறது. வயதாகி வலு குறைந்த பட்டரியையும் வெள்ளவத்தை நெரிசலில் ஓட்டிப் பார்த்து மதிப்பிடுவது வீண் என்பது என் கருத்து. 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் முந்திச் செல்ல முயலும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஒற்றை விகிதத்துக்கும் எல்லை உண்டு. 10,500 சுற்றில் இந்தக் கார் 150ஐத் தொட்டு முடிந்துவிடும். அதற்கு மேலும் வேகம் வேண்டிய போர்ஷே டைக்கான், பின் அச்சில் இரண்டு கியர் வைத்திருக்கிறது. 100க்கு மேல் அனுமதியில்லாத நம் அதிவேகப் பாதைகளில் அதற்குத் தேவை எழாது.