எனக்கும் பால் ஒத்துக்காது, என் பையனுக்கும் ஒத்துக்காது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல

போன வருஷம் ஆற்காட்டிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் பால்கோவா சேர்த்த இனிப்பான மக்கன் பேடா வாங்கி வந்தார். ஒன்றேகால் வயதுப் பையன் கேட்கிறானே என்று ஒரு துணுக்கு கிள்ளிக் கொடுத்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வாயைச் சுற்றித் தடிப்பு வந்தது, அப்புறம் முதுகு முழுக்கத் தடித்தது, உதடு வீங்கி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். குடியாத்தத்தில் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் எடையைக் கேட்டார், பத்து கிலோ என்றதும் தொடைத் தசையில் அட்ரினலின் 0.1 மில்லி போட்டார். தோலும் வயிறும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் வெறும் அரிப்பு மாத்திரையோடு காத்திருக்கக் கூடாதாம். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது, ஆனாலும் தடிப்பு திரும்ப வரலாம் என்று ராத்திரி வரை வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அம்மா மாதிரியே பிள்ளை, பால் ஒத்துக்காது." நான் ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போட்டு, வயிற்றால் போகும். ஆனால் தயிரும் மோரும் எனக்கு ஒன்றும் செய்யாது. அதனால் அத்தை, "பாலை நிறுத்திடு, மோர் கொடு, உடம்பு பழகிடும்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். அதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேலூரில் அலர்ஜி டாக்டரிடம் நான் முதலில் கேட்டதே, "ஒன்பது மாசத்தில் பசும்பால் கொடுத்தேனே, அப்போ ஒன்றும் ஆகலையே?" என்றுதான். அவர் பொறுமையாக விளக்கினார். பாலில் உள்ள கேசின் போன்ற புரதத்தை எதிரி என்று உடம்பு தப்பாக எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைச் செய்கிறது. அது தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இந்த ஏற்பாடு நடக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பிடித்ததும், அந்த செல்கள் உள்ளே வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை ஒரேயடியாகக் கொட்டிவிடும். தோலில் கொட்டினால் தடிப்பு, குடலில் கொட்டினால் வாந்தி. ஒரு துணுக்கு பேடா போதுமாக இருந்தது இதனால்தான்.

தோல் குத்துப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு வாரம் அரிப்பு மருந்தை நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் அலர்ஜி இருந்தாலும் தடிப்பு எழும்பாமல் ஏமாற்றிவிடும். முன்கையில் பால், முட்டை என்று ஒவ்வொன்றின் சாற்றையும் சொட்டுச் சொட்டாக விட்டு லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்து எழும்பிய தடிப்பை அளந்தார்கள். வெறும் உப்புநீர்ச் சொட்டு எழும்பவில்லை, ஹிஸ்டமின் சொட்டு எழும்பியது, அப்போதுதான் சோதனையை நம்பலாம். பால் 8 மில்லிமீட்டர், முட்டை 3 மில்லிமீட்டர். முட்டையையும் நிறுத்தணுமா என்று பதறினேன். அவன் வாரத்துக்கு நாலு நாள் முட்டை தோசை சாப்பிடுகிறவன், ஒரு தடவைகூட ஒன்றும் ஆனதில்லை. அப்படியென்றால் அது உடம்பில் ஆன்டிபாடி இருப்பதை மட்டும்தான் காட்டுகிறது, சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதுதான் தீர்ப்பு, தொடர்ந்து கொடுங்கள் என்றார். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை குழந்தைகளுக்கு நல்ல சாப்பாட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்களோ!

அப்புறம் என் கதை. எனக்கு ஊதிப் பார்க்கும் சோதனை செய்தார்கள். வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அரைமணிக்கு ஒரு தடவை ஊதவேண்டும், ஏறக்குறைய மூன்று மணி நேரம். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை, அதை உடைக்கிற லாக்டேஸ் என்ற நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது, அதில் வரும் ஹைட்ரஜன்தான் மூச்சில் தெரிகிறது. இதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே இல்லை. அளவுதான் கணக்கு. அரை டம்ளர் காபி தாங்கும், ஒரு டம்ளர் பாதாம் பால் தாங்காது. கஷ்டம் உண்டு, உயிருக்கு ஆபத்து இல்லை.

தயிர் விஷயமும் அங்கேதான் புரிந்தது. உறை போட்டதும் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது, அதனால் எனக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் கேசின் அப்படியே இருக்கிறது, அதனால் பையனுக்கு மோர் ஒரு கரண்டிகூட ஆகாது. ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று அத்தை கேட்டார், அதன் புரதமும் பசும்பாலை ஒத்தே இருப்பதால் அதுவும் கூடாது என்றார் டாக்டர்.

இப்போது அவனுக்குக் கேழ்வரகுக் கூழ் மோர் விடாமல் தனிச் சட்டியில். பிஸ்கட் உறையில் கேசின், வே என்ற இன்னொரு பால் புரதம், பால் பவுடர் என்று எது போட்டிருந்தாலும் திருப்பி வைத்துவிடுகிறேன். நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரப் பால் அலர்ஜி போய்விடுமாம். அடுத்த மாசம் மறுபடி குத்துப் பரிசோதனை. தடிப்பு சின்னதாகியிருந்தால், ஆஸ்பத்திரியிலேயே, அட்ரினலின் பக்கத்தில் இருக்க, சொட்டு அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை வீட்டில் யாரும் கொடுத்துப் பார்ப்பதில்லை என்று அத்தையும் ஒத்துக்கொண்டுவிட்டார்.