ஆறடி உள்ளே

காவேரிப்பட்டினம் பக்கம் நான் கட்டிக்கொடுத்த வீடு அது. குடிபோய் ஏழு மாதம் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் ஐயா என்பேன், அவர் தம்பி என்பார்.

"தம்பி, ரெண்டாயிரம் லிட்டர் தொட்டி வாங்கிட்டேன். கன்னி மூலையில சோலார் ஹீட்டர் இருக்குது. ஆறடி உள்ள தள்ளி வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கங்க ஐயா, ஒண்ணும் ஆகாது."

அப்போது நான் வேறொரு சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் யோசிக்காமல் சொல்லவில்லை; மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு, கட்டடம் தாங்க வேண்டிய எடைகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கீழே இருந்த படுக்கையறை பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, அதாவது பதினைந்தரை சதுர மீட்டர். மொத்தம் 2,300 கிலோவுக்கு மேல் தாங்கும்படிதான் அந்த ஸ்லாப். தொட்டி நிறைந்தால் தண்ணீர் இரண்டாயிரம் கிலோ. உள்ளே அடங்கிவிடுகிறது. சரி என்றேன்.

அந்தக் கணக்கில் தப்பில்லை என்று இன்றும் சில நாள் தோன்றும். அப்புறம் அது கணக்கே இல்லை என்றும் தோன்றும்.

முதலாவது, 2,300 கிலோ என்பது ஸ்லாப் முழுக்கப் பரவி நிற்கும் எடை. தொட்டியின் அடிப்பாகம் ஒன்றேகால் சதுர மீட்டர் சொச்சம்தான். ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அந்த வட்டத்துக்குள் சதுர மீட்டருக்கு 1,500 கிலோ. நான் டிசைனில் எடுத்ததைப் போல் பத்து மடங்கு. சுவரோரம் என்றால் எடை நேராகச் சுவருக்குப் போய்விடும். ஆறடி உள்ளே என்றால் பன்னிரண்டு அடி அறைக்கு அது நட்டநடு. இரண்டு முனையில் தாங்கிய உத்திரத்தில் பரவி நிற்கும் எடையை அப்படியே நடுவில் குவித்தால் வளைவு விசை இரண்டு மடங்காகும். ஸ்லாப் நாலு பக்கமும் பகிர்ந்துகொள்வதால் அவ்வளவு முழுசாக வராது. ஆனால் திசை அதுதான். கல்லூரியில் படித்ததுதான், போனில் பேசும்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நான் தொட்டியைத்தான் எடை போட்டேன், அது உட்காரும் மேடையை விட்டுவிட்டேன். குழாயில் வேகம் வேண்டும் என்று மேஸ்திரி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு, நாலடி நீளம், மூன்றடி உயரம் கட்டி, மேலே இரண்டு அங்குலக் கருங்கல் பலகை போட்டிருந்தார். எங்கள் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? சுவர் மட்டும் கிட்டத்தட்ட ஒரு டன், பலகை முந்நூறு கிலோ. தண்ணீரோடு சேர்த்து மூன்று டன்னைத் தாண்டிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்துக் கூரையில் கோடு தெரிகிறது என்று கூப்பிட்டார். பூச்சைக் கொத்திப் பார்த்தேன். பூச்சில் மட்டும் இருந்தால் கவலையில்லை. இது கான்கிரீட்டிலும் போனது, அறையின் நடுவில், நீளவாக்கில். சுவருக்குச் சுவர் நூல் பிடித்தால் நடுவில் 11 மில்லிமீட்டர் தொய்வு. தொட்டியைக் காலி செய்யச் சொல்லி மறுபடி அளந்தேன். 9. இரண்டு மில்லிமீட்டர் மட்டும் மேலே ஏறியிருந்தது.

அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? தினமும் காலையில் நிறைந்து நிற்கும் பாரத்தில் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்ந்திருக்கலாம். சென்ட்ரிங் பலகை அன்றே இறங்கியிருக்கலாம். சென்ட்ரிங் பிரித்த அன்று நான் நூல் பிடிக்கவில்லை, அதனால் சொல்ல வழியில்லை. பன்னிரண்டு அடிக்குப் பதினாலு மில்லிமீட்டர் வரை விதியில் இடம் உண்டு என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டது கூச்சமாகவும் இருந்தது.

"இது முன்னாடியே இருந்ததா தம்பி, தொட்டியால வந்ததா?" என்றார்.

"ரெண்டும் இருக்கலாம் ஐயா" என்றேன். உண்மைதான். ஆனால் "வெச்சுக்கங்க" என்று சொன்னது நான்தான் என்பதை அந்தப் பதில் சொல்லவில்லை. அவரும் நினைவுபடுத்தவில்லை.

மேடையை இடித்தோம். சுவருக்குச் சுவர் இரண்டு இரும்பு ஐ செக்‌ஷன் போட்டு, நடுவில் ஸ்லாப்பைத் தொடாதபடி தூக்கி, சுவரோரமாக அதன்மேல் தொட்டியை வைத்தோம். செலவில் பாதியை நான் கொடுத்தேன். ஏன் பாதி என்று அவர் கேட்கவில்லை, என்னாலும் விளக்க முடிந்திருக்காது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதினேன். இதுவரை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. போன முறை போனபோது, அந்த அறைக்கு வெள்ளையடிக்கலாமா என்று கேட்டார். இன்னும் ஒரு வருடம் போகட்டும் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.