1998 செப்டம்பருக்குப் பின் வேறென்னவெல்லாம் மாறின? ஒரு காலத்தொடர் ஆய்வைச் சோதித்த அனுபவம்

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில், ஏற்கெனவே வெளியான கொள்கை ஆய்வு ஒன்றை எடுத்து, அதன் முடிவு எவ்வளவு தாங்கும் என்று மதிப்பிட்டு எழுதித் தர வேண்டியிருந்தது. நான் பிரிட்டனின் பாராசிட்டமால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டேன். 1998 செப்டம்பர் 16 முதல் அங்கே மருந்துக் கடைகளில் விற்கும் பொட்டலத்தில் 32 மாத்திரைகளும், மற்றக் கடைகளில் விற்கும் பொட்டலத்தில் 16 மாத்திரைகளும்தாம் இருக்கலாம் என்று விதி வந்தது. மனம் உடைந்த நேரத்தில் வீட்டில் கைக்கெட்டும் மருந்தின் அளவு குறைந்தால் இறப்பும் குறையும் என்பது அதன் பின்னிருந்த கருத்து. கீத் ஹாட்டன் குழுவினர் 2013இல் பி.எம்.ஜே. இதழில் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராசிட்டமாலால் நேர்ந்து, தற்கொலை என்றோ நோக்கம் உறுதியாகாதது என்றோ பதிவான இறப்புகள் விதிக்குப் பின் 43 விழுக்காடு குறைந்தன என்றும், பதினொன்றேகால் ஆண்டுகளில் 765 இறப்புகள் தவிர்ந்தன என்றும் மதிப்பிட்டது.

நாடு முழுவதற்கும் ஒரே நாளில் வந்த விதியைக் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் பொருத்திப் பார்க்க முடியாது என்பதால், இத்தகைய இடங்களில் இடைவெட்டுக் காலத்தொடர்ப் பகுப்பாய்வு கைகொடுக்கிறது. விதிக்கு முந்தைய காலத்தின் போக்கைக் கோடாக வரைந்து, அதை விதிக்குப் பிந்தைய காலத்துக்கும் நீட்டி, விதி வராதிருந்தால் இறப்புகள் இந்தக் கோட்டின்மேல் சென்றிருக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். உண்மையில் பதிவான எண்கள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதே விளைவு. சமன்பாட்டின் எளிய வடிவம் இது:

```
Y = b0 + b1*T + b2*D + b3*P
```

Y என்பது ஒரு காலாண்டின் இறப்புகள். T என்பது தொடக்கத்திலிருந்து எண்ணிய காலாண்டு. D விதிக்கு முன் 0, பின் 1. P விதிக்கு முன் 0, பின் விதி வந்ததிலிருந்து கடந்த காலாண்டுகள். b0 தொடக்க அளவையும், b1 விதிக்கு முந்தைய சாய்வையும், b2 உடனடி இறக்கத்தையும், b3 சாய்வில் வந்த மாற்றத்தையும் சொல்கின்றன.

முதலில் 765 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். 1998இன் இறுதிக் காலாண்டிலிருந்து 2009 முடிய 45 காலாண்டுகள். காலாண்டுக்குச் சராசரியாக 17 இறப்புகள் குறைந்தன என்பது மதிப்பீடு. இரண்டையும் பெருக்கினால் 765. முந்தைய போக்கை வரைவதற்கு இருந்தவையோ 1993 தொடங்கி 23 காலாண்டுகள்தாம். 23 புள்ளிகளில் வரைந்த கோட்டை 45 புள்ளிகளுக்கு நீட்டும்போது சாய்வில் உள்ள சிறு பிழையும் பெருகும். சாய்வு காலாண்டுக்கு 0.1 இறப்பு பிசகியிருந்தாலே, 45 காலாண்டுகளின் கூட்டுத்தொகையில் ஏறக்குறைய 104 இறப்புகள் கூடவோ குறையவோ செய்யும். ஆகவே திசையை நம்பலாம், மொத்த எண்ணை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது என் முதல் குறிப்பாயிற்று.

கடினமான பகுதி அதன் பிறகே வந்தது. இந்தப் பகுப்பாய்வு முறை, மெதுவாக ஓடிவரும் மாற்றங்களை முந்தைய போக்கின் வழியே ஓரளவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதே காலத்தில் வந்த இன்னொரு மாற்றத்தை அதனால் அடையாளம் காண முடியாது. 'பிற காரணிகளும் இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது எங்கள் வகுப்பில் வழக்கமாக இருந்தது. என் வழிகாட்டி அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு காரணிக்கும் அது எப்போது வந்தது, யாரைத் தொட்டது, எண்ணை எந்தத் திசையில் தள்ளும், எந்தத் தரவில் அதன் தடயம் தெரியும் என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதத் தொடங்கியதும் நீளமான பட்டியல் மளமளவென்று சுருங்கியது.

எடுத்துக்காட்டாக, 2005 ஜனவரியில் கோ-ப்ராக்சமால் என்ற கூட்டு மருந்தைப் படிப்படியாகத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அதில் பாராசிட்டமாலும் இருப்பதால் முதலில் பெரிய இடையூறாகத் தோன்றியது. ஆனால் ஆய்வு எண்ணியது பாராசிட்டமால் மட்டும், அல்லது அத்துடன் மது மட்டும் தொடர்புடைய இறப்புகளை. கோ-ப்ராக்சமால் இல்லாமற்போனதால் சிலர் தனிப் பாராசிட்டமாலை நாடியிருந்தால் எண் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. இறக்கத்தை விளக்க இது உதவாது என்று விட்டுவிட்டேன்.

இறப்பு விசாரணை அதிகாரிகளின் தீர்ப்பு முறையில் வந்த மாற்றம் அப்படிப்பட்டதன்று. 2000களில் 'தற்கொலை' போன்ற ஒற்றைச் சொல் தீர்ப்புக்குப் பதிலாக நடந்ததை விவரித்து எழுதும் தீர்ப்புகள் பெருகின. நோக்கம் தெளிவாக எழுதப்படாத இடத்தில் அந்த இறப்பு விபத்தாகப் பதிவாகக்கூடும். அப்படியானால் யாரும் காப்பாற்றப்படாமலேயே தற்கொலை எண்ணிக்கை குறையும். நான் பார்த்தவற்றுள் மிகக் கூர்மையான அச்சுறுத்தல் இதுவே, ஏனெனில் இது நாம் எண்ணும் அளவுகோலையே மாற்றுகிறது. இதற்கான சோதனையும் எளிது: விபத்து நச்சு இறப்புகளையும் சேர்த்து எண்ண வேண்டும். வெறும் பெயர் மாற்றமாக இருந்தால் சேர்த்த எண்ணில் இறக்கம் கரைந்துவிட வேண்டும். ஹாட்டன் குழு அவ்வாறு சேர்த்துப் பார்த்தபோதும் இறக்கம் கரையவில்லை. மதிப்பீடு 990 ஆக உயர்ந்தது.

அடுத்தது, தற்கொலைகளே பொதுவாகக் குறைந்துவந்த காலம் அது என்ற வாதம். இங்கே ஒப்பீட்டுத் தொடர் தேவை. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இரண்டு ஆய்வுகள் பிரிகின்றன. ஆலிவர் மார்கன் குழுவினர் 2007இல் பிளாஸ் மெடிசின் இதழில் இதே விதியை இதே முறையில் ஆராய்ந்தார்கள். பாராசிட்டமால் இறப்பு விகிதம் 1993இல் பத்து லட்சம் பேருக்கு 8.1 ஆக இருந்து 2004இல் 5.3 ஆகக் குறைந்ததைக் கண்டார்கள். ஆயினும் ஆஸ்பிரின், மன அழுத்த மருந்துகள் ஆகியவற்றாலான இறப்புகளும் குறைந்திருந்ததால், விதிக்கு அந்தப் பெருமையைத் தர அவர்கள் தயங்கினார்கள்.

முதல் வாசிப்பில் அந்தத் தயக்கம் எனக்கு நியாயமாகப் பட்டது. பிறகு விதியைத் திரும்பப் படித்தபோது, 1998இன் கட்டுப்பாடு ஆஸ்பிரினுக்கும் பொருந்தியது என்பது கண்ணில் பட்டது. விதியால் தொடப்பட்ட மருந்தை, விதியால் தொடப்படாததற்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. மன அழுத்த மருந்துகளுக்கும் தனிக் கதை உண்டு: அளவு மீறினால் அதிக ஆபத்தான பழைய டிரைசைக்ளிக் வகையின் இடத்தை அக்காலத்தில் புதிய எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை பிடித்துவந்தது. இரண்டு தொடர்களும் குறைந்தன என்பது உண்மை. ஆனால் பாராசிட்டமால் குறைந்த அதே பொதுக் காரணத்தால்தான் குறைந்தன என்று அதிலிருந்து சொல்ல இயலாது.

ஹாட்டன் குழு, பிற நச்சு இறப்புகளையும் எல்லா வழித் தற்கொலைகளையும் தனித்தனியே கணக்கில் கொண்டு பார்த்தது. முடிவு பெரிதாக மாறவில்லை. இந்த ஒப்பீட்டிலும் ஓட்டை உண்டு. பாராசிட்டமால் கிடைக்காமல் சிலர் வேறு மருந்தை நாடியிருந்தால் ஒப்பீட்டுத் தொடர் உயர்ந்து, விதியின் பலன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் பிற நச்சு இறப்புகள் உயரவில்லை. புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லாவிட்டாலும், இறங்கவே செய்தன. அதனால் இந்த ஒப்பீட்டை முந்தையதைவிட மேலானது என்று எழுதினேன்.

ஹாட்டன் குழுவின் கட்டுரையில் இறப்புப் பதிவையே சாராத ஒரு தரவும் இருந்தது. பாராசிட்டமால் நச்சால் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பதிவு செய்யப்பட்டோர் எண்ணிக்கை விதிக்குப் பின் 61 விழுக்காடு குறைந்தது. விசாரணை அதிகாரி என்ன எழுதினார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் உண்மையில் நடந்த மாற்று அறுவைகளில் குறிப்பிடத்தக்க இறக்கம் காணப்படவில்லை. நடந்த அறுவைகள் கிடைக்கும் உறுப்புகளையும் பொறுத்தவை. பதிவோ மருத்துவர் யாரைப் பட்டியலில் சேர்க்கிறார் என்பதைப் பொறுத்தது. சேர்க்கும் அளவுகோல் அந்த ஆண்டுகளில் இறுகியிருந்தால் பதிவு மட்டும் குறையும். அதற்கான சோதனை அந்தக் கட்டுரையில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 61ஐ ஆதரவுச் சான்றாக மட்டும் ஏற்று, முதன்மைச் சான்றாக விபத்தையும் சேர்த்த இறப்புத் தொடரையே வைத்து அறிக்கையைக் கொடுத்தேன்.