மீட்டரில் 340, நெடுஞ்சாலையில் 158: பழைய மின்சாரக் காரின் பேட்டரியை அளந்து வாங்கிய அனுபவம்

பழைய மின்சாரக் கார் பார்க்கப் போன இடத்திலெல்லாம் விற்பவர்கள் முதலில் காட்டியது மீட்டரில் தெரியும் தூரத்தைத்தான். நான் கடைசியில் வாங்கிய காரின் உரிமையாளரும் அப்படித்தான். முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு, "340 காட்டுது பாருங்க சார், பேட்டரி புதுசு மாதிரி இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் பேட்டரியை அளந்து சொல்வதல்ல. பேட்டரியில் இவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று கார் நம்புவதை, கடைசியாக ஓட்டிய விதத்தில் ஆன செலவால் வகுத்துச் சொல்லும் ஊகம். அவர் நகருக்குள் நிதானமாக ஓட்டுபவர். 100 கி.மீ.க்கு 13, 14 யூனிட்தான் செலவாகியிருக்கிறது. அதே காரை வேகமாக ஓட்டும் ஒருவரிடம் ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் பார்த்தால் 250 காட்டும்.

அதனால் தூரத்தை விட்டுவிட்டு நான் தேடியது ஒன்றைத்தான்: முழு சார்ஜில் இந்தப் பேட்டரி இன்று எத்தனை யூனிட் தரும்? (யூனிட் என்பது மின்கட்டண ரசீதில் வரும் அதே கிலோவாட் மணிதான்.)

புதிதாக இருந்தபோது எவ்வளவு என்பது முதலில் தெரிய வேண்டும். விளம்பரத்தில் 54 யூனிட் என்று போட்டிருந்தார்கள். அது பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு. ஓட்டுபவர் பயன்படுத்த முடிந்தது 50தான், மீதியைக் கார் பாதுகாப்புக்காக மேலும் கீழும் ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். 43 யூனிட் தரும் பேட்டரியை 54 உடன் ஒப்பிட்டால் 80 சதவீதத்துக்கும் கீழே என்று பயப்படுவோம். 50 உடன் ஒப்பிட்டால் 86.

அடுத்து, காரின் கணினியிலுள்ள தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் அந்தக் காருக்கேற்ற ஆப்பைத் திறந்தால் எஸ்ஓஎச் என்று பேட்டரி நலம் சதவீதத்தில் வரும். இந்தக் காரில் 93 வந்தது. ஐந்து வருடம் தாண்டி, 96,000 கி.மீ. ஓடிய காருக்கு இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. எப்படி சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டேன். எப்போதும் 40க்கும் 80க்கும் நடுவிலேயே வைத்திருப்பாராம். பேட்டரிக்கு அது நல்ல பழக்கம்தான். ஆனால் கொள்ளளவைக் கணிக்கும் பேட்டரி மேலாண்மைக் கணினிக்கு, அடியும் நுனியும் பார்க்கக் கிடைக்காமல் போய்விடுகிறது. பழைய கணிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். எஸ்ஓஎச் என்பதும் ஒரு கணிப்புதான், தராசு இல்லை. சில கார்களில் அந்தக் கணினியின் நினைவை அழித்து எண்ணைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும் வேலையும் நடக்கிறது. நிஸான் லீஃப் காரில் 12 கோடுகள் பேட்டரி நலத்தைக் காட்டும். முதல் கோடு விழுவதற்கே ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்பதால், 12 கோடும் முழுசாக இருக்கிறது என்பதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

சரி, நாமே அளந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சார்ஜ் செலவு என்னுடையது, நீங்களும் கூடவே வாருங்கள் என்றதும் அவர் ஒத்துக்கொண்டார். 88 சதவீதத்தில் கிளம்பினோம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். பாதி நகரம், பாதி வெளிச்சாலை. 28 சதவீதம் வரும்வரை ஓட்டினோம். நடுவில் எங்கும் காரை நிறுத்திவிட்டு ஏசியில் உட்காரவில்லை. நிற்கும்போது ஆகும் செலவைச் சில கார்கள் டிரிப் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால்தான்.

முடிவில் மீட்டர் சொன்னது: 174 கி.மீ., சராசரி 100 கி.மீ.க்கு 14.8 யூனிட். அதாவது ஏறக்குறைய 25.75 யூனிட் செலவு. இது பேட்டரியின் 60 சதவீதத்துக்கு. 25.75-ஐ 0.60-ஆல் வகுத்தால் 42.9. புதிதில் 50. ஆக, 86 சதவீதம். ஆப் சொன்ன 93க்கும் இதற்கும் 7 சதவீத இடைவெளி.

இவ்வளவு தூரம் ஓட்ட வேண்டுமா என்று கேட்கலாம். திரையில் தெரியும் சதவீதம் முழு எண்ணாக்கப்பட்டது, ஒரு சதவீதம் முன்பின் இருக்கும். பத்து சதவீதம் மட்டும் இறக்கிப் பார்த்தால் அந்த ஒன்றே விடையில் பத்தில் ஒரு பங்கு பிசகை உண்டாக்கிவிடும். 60 இறக்கினால் அது இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். தெருமுனை வரை போய்வந்து பேட்டரியைப் பற்றிச் சொல்லும் யாரையும் அப்புறம் நான் நம்பவில்லை.

திரும்பி வந்ததும் அவர் வீட்டு சார்ஜரில் 28-லிருந்து 100 வரை ஏற்றினோம். சார்ஜரின் மீட்டர் 34.8 யூனிட் காட்டியது. இப்படி ஏற்றும்போது பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வழியிலேயே சூடாகப் போய்விடும். அதைக் கழித்து 72 சதவீதத்துக்குக் கணக்கிட்டால் முழுக் கொள்ளளவு 41-லிருந்து 43.5 யூனிட்டுக்குள் வருகிறது. ஓட்டிப் பார்த்த 42.9 இதற்குள் உட்கார்ந்துவிட்டது. ஆப்பின் 93 உண்மையாக இருந்திருந்தால் 72 சதவீதத்துக்குப் பேட்டரிக்குள் மட்டுமே 33.5 யூனிட் போயிருக்க வேண்டும். வெறும் நாலு சதவீத இழப்பில் வீட்டில் சார்ஜ் ஏறாது. முழுக்க ஏற்றி, இரவு முழுக்க ஓய்வில் விட்டபின் மறுநாள் ஆப்பைத் திறந்தால் எஸ்ஓஎச் 90 என்றது. வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகு மெதுவாக இறங்கி 87-ல் நின்றது.

கொள்ளளவைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. இதற்கு முன் பார்த்த ஒரு கார், காகிதத்தில் இதைவிட நல்லது, எஸ்ஓஎச் 91. அதே ஆப்பில் செல்களின் மின்னழுத்தத்தைத் தனித்தனிப் பட்டையாகப் பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்திருந்தபோது நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லி, ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கச் சொன்னேன். எல்லாப் பட்டைகளும் சேர்ந்து இறங்கின. 41-ஆம் எண் மட்டும் மற்றவற்றைவிட 150 மில்லிவோல்ட் கீழே போனது, காலை எடுத்ததும் ஏறிவிட்டது. மறுபடி மிதித்தால் மறுபடி அதே 41. செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. அதனால் பலவீனமான அந்த ஒன்று அடிமட்டத்தைத் தொட்டதும், திரையில் இன்னும் சதவீதம் மிச்சமிருந்தாலும் கார் சக்தியைக் குறைத்துவிடும். அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான் வாங்கிய காரில் 28 சதவீதத்தில், ஓய்வில், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் 20 மில்லிவோல்ட்தான். மிதித்துப் பார்த்தபோதும் எல்லாவற்றுக்கும் கீழே நிற்கும் செல் மாறிக்கொண்டே இருந்தது. எப்போதும் ஒரே செல் என்றால்தான் கவலைப்பட வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனப்படும் எல்எஃப்பி வகைப் பேட்டரி என்றால் சார்ஜின் நடுப்பகுதியில் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும். 50 சதவீதத்தில் எல்லாம் சமமாகத் தெரிவதை அங்கே நம்பக்கூடாது. முழு சார்ஜுக்கு அருகிலும், அடிப்பகுதியிலும் பார்க்க வேண்டும்.

இனி தூரம். 43 யூனிட் இருக்கிறது, எனக்கு எவ்வளவு போகும்? நெடுஞ்சாலையில் நான் ஓட்டும் வேகத்துக்கு இந்த அளவு காரில் 100 கி.மீ.க்கு 19 யூனிட் ஆகிறது. பயணத்தில் யாரும் பூஜ்யம் வரை ஓட்டுவதில்லை, வேகச் சார்ஜரில் 80-க்கு மேல் காத்திருப்பதும் இல்லை. ஆக, கையில் இருப்பது 10க்கும் 80க்கும் நடுவிலுள்ள 70 சதவீதம், 30 யூனிட். அது 158 கி.மீ. கடுங்குளிரில் ஹீட்டரும் சேர்ந்து செலவு 24 ஆனால் 125. இந்த இரண்டு எண்களும் எனக்குப் போதுமானவையா என்று பார்த்துத்தான் விலையே பேசினேன்.

வாரன்டி விஷயத்தில் விற்பவர் "எட்டு வருஷம் இருக்கு, இன்னும் மூணு வருஷம் பாக்கி" என்றார். ஆவணத்தில் இருந்தது: 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது; கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தரப்படும். வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கேட்டபோது, வாரன்டி தொடங்கிய நாள் இவர் பெயரில் பதிவான நாளுக்கு ஏழு மாதம் முந்தையது என்று தெரிந்தது. டெமோ காராக ஓடியிருக்கிறது. அப்போதே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆக, மிச்சம் மூன்று வருடமில்லை, 2 வருடம் 5 மாதம். என் ஓட்டத்துக்கு அதற்குள் 1,40,000-ஐ நெருங்குவேன் என்பதால் கி.மீ. வரம்பு எனக்கு முட்டாது.

அந்த மிச்சத்துக்கு மதிப்பு என்ன? ஐந்தரை வருடத்தில் 14 சதவீதம் இறங்கிய பேட்டரி, இன்னும் இரண்டரை வருடத்தில் 70-க்கு விழ வாய்ப்பு மிகக் குறைவு. தேய்மானம் பொதுவாக முதல் ஓரிரு வருடங்களில்தான் வேகமாக இருக்கும். 72-ல் நின்றாலும் நிறுவனம் கையை விரித்துவிடும். அளப்பதும் அவர்களுடைய சோதனை முறையில்தான், என் ஆப்பிலோ ஓட்டக் கணக்கிலோ அல்ல. எனவே கொள்ளளவு உத்தரவாதத்துக்கு நான் ஒரு மதிப்பும் போடவில்லை. மதிப்புப் போட்டது பழுதுக்கு: செல்கள் அடங்கிய ஒரு மாட்யூல் போய்விட்டால், உள்ளே ரிலே ஒட்டிக்கொண்டால், மேலாண்மைக் கணினி செத்தால், அந்தச் செலவு என் தலையில் விழாமல் இருப்பதற்கு.

அதனால் அதை முறிக்கக்கூடியவற்றைக் கேட்டுக்கொண்டேன். பேட்டரிப் பெட்டி வெளியில் எங்கும் திறக்கப்பட்டதா, அடியில் அடி வாங்கியதா, வெள்ளத்தில் நின்றதா, வாடகை வண்டியாக ஓடியதா. லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைப் பார்த்தபோது ஒரு கீறல் இருந்தது, உள்வாங்கவில்லை. திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் பாக்கியா என்பதையும் அதே அடையாள எண்ணில் பார்த்தார்கள். 2020, 2021-ல் தீ அபாயத்துக்காகத் திரும்பப் பெறப்பட்ட செவ்ரோலே போல்ட் கார்களில் பலவற்றுக்குப் புதுப் பேட்டரியும் அதற்குப் புதிதாக 8 வருட வாரன்டியும் கிடைத்தன. அப்படிப்பட்ட காரில் காரின் வயதைவிடப் பேட்டரி மாற்றிய ரசீதின் தேதிதான் பேசும். என் காரில் அப்படி எதுவும் இல்லை, ஒரு மென்பொருள் புதுப்பிப்பு மட்டும் பாக்கி இருந்தது. அதை விற்பவரே செய்து கொடுத்தார்.

விலை பேசும்போது 340-ஐப் பற்றி யாரும் பேசவில்லை. 42.9 யூனிட், 2 வருடம் 5 மாதம் என்ற இரண்டையும் எழுதிக் காட்டினேன். அவர் 93 என்ற கணக்கில் சொன்ன விலையிலிருந்து இறங்கினார். பணம் கொடுக்கும் முன், வாரன்டி என் பெயருக்கு மாறியதற்கான உறுதிக் கடிதத்தைச் சேவை மையத்திலிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டேன். தொடங்கிய தேதி அதில் அச்சாகியிருக்கிறது.