எந்த வெள்ளி உப்பு முதலில் வீழும்?

எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு இரசாயன ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று பழுப்புப் போத்தலில், ஆசிரியரின் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. அதன் விலை கருதி அவர் அதைத் துளித்துளியாகவே செலவிட அனுமதித்தார். அந்தச் சிக்கனம் எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது, ஏனெனில் ஒரே கரைசலிலுள்ள அயன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திண்மமாக வீழ்த்திப் பிரிக்கும் பகுதிபட வீழ்படிவாக்கலில் கரைசலை மெதுவாகச் சேர்ப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

பொற்றாசியம் அயடைட்டும் சோடியம் குளோரைட்டும் லீற்றருக்கு 0.01 மூல் வீதம் கலந்த கரைசலைக் கூம்புக் குடுவையில் எடுத்து, அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றை விடுவோம். துளி விழுந்த இடத்தில் ஒரு வெண்முகில் தோன்றும். குடுவையைச் சுழற்றியதும் அது மஞ்சளாகும். முதலில் வீழ்ந்தது வெள்ளை நிறமுடைய வெள்ளிக் குளோரைட்டுத்தானே என்று எங்களில் பலர் வாதாடினோம். துளி விழுந்த இடத்தில் வெள்ளி அயன் கணநேரம் மிகச் செறிவாக இருப்பதால் குளோரைட்டும் அங்கே வீழ்கிறது என்றும், சுழற்றும்போது சுற்றியுள்ள அயடைட்டு அந்தத் திண்மத்தைத் தாக்கி வெள்ளி அயடைட்டாக மாற்றிக் குளோரைட்டைக் கரைசலுக்கே திருப்பி அனுப்புகிறது என்றும் ஆசிரியர் விளக்கினார். ஆகவே கண்ணில் முதலில் படும் நிறத்தை நம்பாமல், சுழற்றிய பின்பு நிலைக்கும் நிறத்தையே நம்ப வேண்டும்.

பின்பு அவர் கரும்பலகையில் கணக்கிடுவார். 25 பாகை செல்சியசில் வெள்ளி அயடைட்டின் கரைதிறன் பெருக்கம், அதாவது நிரம்பிய கரைசலில் அதன் இரு அயன்களின் செறிவுகளைப் பெருக்கி வரும் பெறுமானம், ஏறத்தாழ 8.3 × 10⁻¹⁷; வெள்ளிக் குளோரைட்டினது 1.8 × 10⁻¹⁰. ஒவ்வொன்றையும் அதற்குரிய ஏலைட்டு அயனின் செறிவால் வகுத்தால், வீழ்படிவு தொடங்கத் தேவையான வெள்ளி அயன் செறிவு கிடைக்கும்: அயடைட்டுக்கு 8.3 × 10⁻¹⁵, குளோரைட்டுக்கு 1.8 × 10⁻⁸. சிறிய எண்ணுக்குரியது முதலில் வீழும். வெள்ளி அயன் 1.8 × 10⁻⁸ ஐ அடைந்து குளோரைட்டு வீழத் தொடங்கும் கணத்தில், கரைசலில் எஞ்சியிருக்கும் அயடைட்டு 4.6 × 10⁻⁹ மட்டுமே. அதாவது, ஐதாக்கத்தைப் புறக்கணித்தால், தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ இருபது இலட்சத்தில் ஒரு பங்கு. இதைவிடச் சுத்தமான பிரிப்பை ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் எதிர்பார்க்க முடியாது.

அயடைட்டுக்குப் பதிலாகப் புரோமைட்டை எடுத்தால் நிலைமை மாறுகிறது. வெள்ளிப் புரோமைட்டின் கரைதிறன் பெருக்கம் 5 × 10⁻¹³ அளவில் இருப்பதால் குளோரைட்டுடன் உள்ள இடைவெளி ஏறத்தாழ 360 மடங்குதான். சம செறிவில் புரோமைட்டே முதலில் வீழும்; குளோரைட்டு தொடங்கும்போது 0.3 சதவீதமளவு புரோமைட்டு எஞ்சும். காகிதத்தில் இது ஏற்கத்தக்க பிரிப்பாகத் தோன்றினாலும் நடைமுறையில் அவ்வளவு நன்றாக அமைவதில்லை. இரண்டு உப்புகளும் ஒரே வகைப் பளிங்கு அமைப்பு உடையவை. ஆதலால் புரோமைட்டுப் பளிங்கினுள் குளோரைட்டு இலகுவாகப் புகுந்து, இரண்டும் ஒரே திண்மக் கரைசலாக வீழ்கின்றன. வெளிர்மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடையில் கண்ணுக்குத் தெளிவான எல்லையும் கிடையாது.

இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு ஆசிரியர் கேட்ட கேள்விதான் இன்றும் என் மனதில் நிற்கிறது: கடல்நீரில் வெள்ளி நைத்திரேற்றை மெதுவாக விட்டால் எது முதலில் வீழும்? புரோமைட்டு என்று வகுப்பே ஒருமித்துச் சொன்னது. கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 0.55 மூல், புரோமைட்டு ஏறத்தாழ 0.00085 மூல் என்று அவர் எழுதி, வகுக்கச் சொன்னார். குளோரைட்டுக்குத் தேவையான வெள்ளி அயன் 3.3 × 10⁻¹⁰ என்றும், புரோமைட்டுக்கு 5.9 × 10⁻¹⁰ என்றும் விடை வந்தது. கரைதிறன் பெருக்கம் கூடிய குளோரைட்டே முந்துகிறது! குளோரைட்டு அங்கே ஏறத்தாழ 650 மடங்கு மிகுதியாக இருப்பதால், 360 மடங்கு இடைவெளி அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கரைதிறன் பெருக்கங்களை மட்டும் ஒப்பிட்டு வரிசை சொல்வது, செறிவுகள் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். பாடநூல் பயிற்சிகளில் செறிவுகள் பெரும்பாலும் சமமாகவே கொடுக்கப்படுவதால் அந்தப் பழக்கம் ஊறிவிடுகிறது என்பது என் எண்ணம்.

உண்மையில், அந்தச் சிறிய வித்தியாசத்தைக் கொண்டு கடல்நீரில் இவ்விரண்டையும் பிரிக்க யாரும் முயல்வதில்லை. திண்மக் கரைசலாக இரண்டும் சேர்ந்தே வீழ்ந்துவிடும். 1901இல் வெளிவந்த மார்ட்டின் குனுட்சனின் அட்டவணைகளைக் கொண்டு உவர்ப்பை அளந்த கடலியலாளர்கள், வெள்ளி நைத்திரேற்று நியமிப்பில் புரோமைட்டையும் குளோரைட்டாகவே கணக்கிட்டார்கள். உப்பளத்தில் உப்பு பளிங்காகிய பிறகு எஞ்சும் தாய்நீரோ வேறு கதை: குளோரைட்டு உப்பாக வெளியேற, புரோமைட்டில் பெரும்பகுதி கரைசலிலேயே தங்குவதால், அந்த 650 மடங்கு படிப்படியாகக் குறையும். அது 360ஐ விடக் கீழே இறங்குமானால் வரிசை மறுபடியும் புரள வேண்டும் என்று ஆசிரியர் எங்களுக்கு வீட்டுவேலை கொடுத்தார்.