வாலட் பணம் முடங்கினால் என்ன எழுதிக் கேட்க வேண்டும்?

தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் வாலட்டில் 8,640 ரூபாய் நிற்கிறது. ஆப்பைத் திறந்தால் 'கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது' என்ற ஒரே வரி. காரணம் இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் 'பரிசீலனையில் இருக்கு சார்' என்கிறார்கள். இது பதிலே இல்லை.

போனோடு விட்டுவிடாதீர்கள். அந்த வரியைத் தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு வாலட் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் இப்படிக் கேளுங்கள்:

"என் இருப்பு ரூ. 8,640 முடக்கப்பட்டதன் காரணத்தை எழுத்தில் தரவும். இது கேஒய்சி குறையா, உங்கள் சொந்த முடிவா, காவல்துறை உத்தரவா? உத்தரவு என்றால் எந்த நிலையம், என்ன எண், எவ்வளவு தொகைக்கு? மீதியை விடுவிக்கவும்."

இந்தக் கேள்விதான் முக்கியம். ஏனென்றால் மூன்றுக்கும் வழி வேறு. ரொக்கமாகவும் பணம் போடக்கூடிய குறைந்தபட்ச கேஒய்சி வாலட்டை 24 மாதத்துக்குள் முழு கேஒய்சிக்கு மாற்றாவிட்டால் புதிதாகப் பணம் போட முடியாது. ஆனால் இருக்கிற பணத்தைச் செலவழிக்கத் தடையில்லை. அதைச் சொல்லி இருப்பையே பூட்டினால் தவறு. மோசடிப் புகாரில் சிக்கிய பணம் 500 ரூபாய் உங்களுக்கு வந்திருந்தால், அந்தக் காவல் நிலையத்துக்குப் பூ விற்ற பில்லைக் காட்டி எழுத வேண்டும். அது வேறு மாநிலமாகவும் இருக்கலாம்.

30 நாளில் பதில் இல்லையா, பதில் திருப்தியில்லையா? cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. முதல் மின்னஞ்சலின் நகல் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.